அனுப்பக் கூச்சமில்லாத செய்தி

"உங்களுக்குத் தெரிந்தவரை இங்கே அனுப்பிவையுங்கள், அவருக்கும் சலுகை, உங்களுக்கும் சலுகை" என்று ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரைக் கேட்டுக்கொள்வதுதான் ரெஃபரல் திட்டம். பெரும்பாலும் அது செயலியின் ஒரு மூலையில் 'ரெஃபர் அண்ட் ஏர்ன்' என்ற பொத்தானாக இருக்கும். அழுத்தினால் வாட்ஸ்அப் திறக்கும், யாருக்கு அனுப்புவது என்று கேட்கும். பெயரைத் தொட்டதும், நிறுவனம் முன்கூட்டியே எழுதிவைத்த செய்தி தட்டச்சு செய்யும் இடத்தில் வந்து நிற்கும். இனி அனுப்பும் குறியைத் தொடுவது மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் செய்தியை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம், நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ" என்று வெளியே வந்துவிடுபவர்கள் ஏராளம்.

அந்தச் செய்தியின் அமைப்பே விசித்திரமானது. எழுதியது நிறுவனம், பேசுவது வாடிக்கையாளர், கேட்பது அவருடைய நண்பர். பேருந்து நிலைய விளம்பரத் தட்டியில் "தமிழகத்தின் நம்பர் 1" என்று இருந்தால் அது கடைக்காரரின் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அதே வாசகம் சித்தி மகளின் எண்ணிலிருந்து வந்தால் அது அவளுடைய பேச்சாகிவிடுகிறது. "இவள் எப்போதிலிருந்து இப்படிப் பேச ஆரம்பித்தாள்?" என்ற கேள்வி வரும். அடுத்த நொடி, "இதில் இவளுக்கு எவ்வளவு?" என்ற கேள்வியும் வரும். அனுப்புகிறவர் பயப்படுவது இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான். ரெஃபரல் செய்தியைத் திருத்தி எழுதுவது என்றால், இரண்டுக்கும் செய்தியே பதில் சொல்லிவிடும்படி எழுதுவது.

தமிழ்நாட்டில் இந்தக் கூச்சத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. ஆள் சேர்த்தால் பணம், அவர்கள் இன்னும் ஆள் சேர்த்தால் இன்னும் பணம் என்று ஓடிய சங்கிலித் திட்டங்களில் சேமிப்பை இழந்தவர்கள் அநேகமாக ஒவ்வொரு சொந்தபந்த வட்டத்திலும் உண்டு. பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் அந்தத் திட்டங்களின் மொழி இன்னும் செத்துப்போகவில்லை. "சேருங்கள், சம்பாதியுங்கள்" என்பது அந்த மொழி. ஒரே ஒரு படியோடு நின்றுவிடும் நேர்மையான ரெஃபரல் திட்டம்கூட இந்த வார்த்தைகளை எடுத்துக்கொண்டால், கேட்பவர் மனதில் போய் உட்காருவது பழைய சங்கிலிதான்.

இவ்வளவு தொல்லை இருந்தும் நிறுவனங்கள் ஏன் ரெஃபரலை விடுவதில்லை என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் ஒரு வங்கியில் சுமார் 10,000 வாடிக்கையாளர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. பிலிப் ஷ்மிட், பெர்ண்ட் ஸ்கியெரா, கிறிஸ்டோஃப் வான் டென் புல்ட் ஆகிய மூவர் செய்தது. புதிதாக ஒருவரை அழைத்துவருபவருக்கு அந்த வங்கி 25 யூரோ கொடுத்தது. அப்படி வந்தவர்கள், விளம்பரம் முதலிய மற்ற வழிகளில் வந்தவர்களைவிட வங்கியை விட்டுப் போவது குறைவாக இருந்தது. அவர்களால் வங்கிக்குக் கிடைத்த மதிப்பு குறைந்தது 16 சதவீதம் அதிகம். இன்னாருக்கு எது பொருந்தும் என்று அழைத்துவருபவருக்குத் தெரியும். அதுதான் இந்த வித்தியாசத்தின் அடிப்படை. அப்படியானால், கண்ணில் பட்ட எல்லோருக்கும் செய்தியைத் தள்ளிவிடுகிற ஆள் நிறுவனத்துக்குப் பெரிய லாபம் இல்லை. இரண்டு பேரை யோசித்துத் தேர்ந்தெடுத்து அனுப்புபவர்தான் லாபம். அப்படி யோசிக்கிற ஆளுக்குத்தான் கூச்சமும் அதிகம்.

யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை முதலில் சொல்வது

ஏர்பிஎன்பி நிறுவனம் 2014இல் தன் ரெஃபரல் திட்டத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பியபோது, வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலை இரண்டு விதமாக எழுதிச் சோதித்தது. ஒன்று, "நண்பரை அழைத்தால் உங்களுக்கு 25 டாலர்" என்றது. மற்றொன்று, "உங்கள் நண்பருக்குப் பயணச் செலவுக்கு 25 டாலர் கொடுங்கள்" என்றது. திட்டம் ஒன்றுதான், தொகையும் ஒன்றுதான். எதை முன்னால் வைப்பது என்பது மட்டும் வேறு. இரண்டாவது நன்றாக வேலை செய்தது. முதலாவது வாக்கியத்தைப் படித்தவர், நண்பரைக் காட்டிக் காசு வாங்குவதுபோல உணர்கிறார். இரண்டாவதைப் படித்தவர் கையில் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது ரேச்சல் கெர்ஷன், சிந்தியா கிரைடர், லெஸ்லி ஜான் ஆகியோரின் 2020ஆம் ஆண்டு ஆய்வு. சலுகை முழுவதும் அனுப்புகிறவருக்கே போகும் திட்டத்தையும், முழுவதும் பெறுகிறவருக்கே போகும் திட்டத்தையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். செய்தியை அனுப்பும் கட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. தனக்குக் காசு இல்லாவிட்டாலும், நண்பருக்கு நல்லது செய்தோம் என்ற பெயர் கிடைப்பது அனுப்புகிறவருக்குப் போதுமானதாக இருந்தது. நண்பர் உண்மையில் வந்து சேரும் கட்டத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது: சலுகை பெறுகிறவருக்கு என்ற திட்டமே முந்தியது. கணக்குத் தொடங்குவது, முகவரி கொடுப்பது, பணம் கட்டுவது என்று சிரமப்படுகிறவர் அவர்தான் என்பதால் இது நியாயமும்கூட.

உறவின் நெருக்கத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். காங்சோக் ரியூ, லாரன்ஸ் ஃபைக் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வளவாகப் பழக்கமில்லாதவருக்குச் சொல்லவேண்டுமென்றால் சொல்கிறவருக்கு ஏதாவது கிடைக்கவேண்டும். நெருங்கியவருக்கென்றால் சலுகையில் ஒரு பங்காவது அந்த நெருங்கியவருக்குப் போகவேண்டும். வீட்டுப் பொருள், பள்ளி, மருத்துவம் போன்றவை நம் ஊரில் நெருங்கிய வட்டத்துக்குள்ளேயே பேசப்படுகின்றன. ஆகவே இங்கே நண்பரின் பங்கு பெரிதாகவும் முன்னாலும் இருப்பதே நல்லது.

இருவருக்கும் ஒரே அளவு என்பது இதற்கு எளிய தீர்வு. கோப்புகளைச் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ், அழைத்தவருக்கும் வந்தவருக்கும் ஒரே அளவு கூடுதல் சேமிப்பிடம் கொடுத்தது. 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த அதன் பயனர்கள் 2010 ஜனவரிக்குள் 40 லட்சமானதை அதன் நிறுவனர் டுரூ ஹவுஸ்டன் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். தினமும் சேர்ந்தவர்களில் 35 சதவீதம் பேர் இந்தத் திட்டத்தின் வழியாக வந்தவர்கள். பணமாகக் கொடுக்காமல் இடமாகக் கொடுத்தது அங்கே இன்னொரு வசதி. நண்பரை விற்றுக் காசாக்கியதாக யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் 2017 செப்டம்பரில் தேஸ் என்ற பெயரில் வந்த இன்றைய கூகுள் பே, நண்பர் முதல் முறை பணம் அனுப்பியதும் இருவருக்கும் 51 ரூபாய் கொடுத்தது. மொய்க் கவரில் வைக்கும் தொகைபோன்ற எண் அது. "உனக்கு 51, எனக்கு 51" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். விளக்கம் எதுவும் தேவையில்லை. ஒரே மூச்சில் சொல்ல முடியாத சலுகையை எந்தத் திருத்தத்தாலும் காப்பாற்றுவது கடினம்.

ஒரு செய்தியைத் திருத்திப் பார்க்கலாம்

கோயம்புத்தூரில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதன் செயலியில் பங்கிடும் பொத்தானை அழுத்தினால் வரும் செய்தி இது. நாள்தோறும் கைபேசிக்கு வருகிறவற்றைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது.

"வாவ்! சூப்பர் ஆஃபர்! தமிழகத்தின் நம்பர் 1 மரச்செக்கு எண்ணெய் இப்போது உங்கள் வீட்டு வாசலில்! உடனே ஆப்பை டவுன்லோட் செய்து, எனது கோட் MEENA150 பயன்படுத்தி ரூ.50 வரை கேஷ்பேக் வெல்லுங்கள்! நீங்களும் நண்பர்களைச் சேர்த்து ரூ.150 சம்பாதியுங்கள்! சலுகை இன்று மட்டும்! நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

மீனா இதைத் தன் எதிர்வீட்டுக்காரருக்கு அனுப்பவேண்டும். முதல் வரியிலேயே சிக்கல். வாயால் சொன்னால் மீனா ஒருபோதும் "தமிழகத்தின் நம்பர் 1" என்று சொல்லமாட்டாள். அது உண்மையா என்றும் அவளுக்குத் தெரியாது. ஒருவர் நேரில் சொல்லாத எதையும், அவர் பெயரில் போகும் செய்தியில் வைக்கக்கூடாது. புகழ்ச்சி போய்விட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? அவளால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது: "நாங்க சமையலுக்கு இந்தக் கடை செக்கு எண்ணெய்தான் வாங்குறோம்." இதில் பாராட்டு எதுவும் இல்லை. ஆனால் தெரிந்தவர் ஒருவர் தன் காசைக் கொடுத்து வாங்குகிறார் என்ற தகவலுக்கு எந்தப் பாராட்டையும்விடக் கனம் அதிகம். "ரொம்ப நல்லா இருக்கு" என்று சேர்ப்பதானால் மீனாவே சேர்க்கட்டும். நடந்ததை நிறுவனம் எழுதிக்கொடுக்கலாம்; அபிப்பிராயத்தை எழுதிக்கொடுக்கக்கூடாது.

இந்த ஒரு வாக்கியம் இன்னொரு முடிவையும் கூடவே கொண்டுவருகிறது. "வாங்குறோம்" என்பது உண்மையாக இருக்கவேண்டுமானால் மீனா குறைந்தது இரண்டு முறையாவது வாங்கியிருக்கவேண்டும். ஆகவே பங்கிடும் பொத்தானை, இரண்டாவது ஆர்டர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே காட்டவேண்டும். கணக்குத் தொடங்கிய அடுத்த நிமிடமே "நண்பர்களை அழையுங்கள்" என்று கேட்கும் செயலிகள், இன்னும் ருசி பார்க்காதவரிடம் சாட்சி கேட்கின்றன.

அடுத்தது காசு. பழைய திட்டத்தில் மீனாவுக்கு 150, எதிர்வீட்டுக்காரருக்கு 50 வரை. இந்த 150ஐ மறைத்துவிடலாம் என்று கடை நினைத்திருந்தாலும், MEENA150 என்ற கோடே அதை ஊருக்குச் சொல்லிவிடுகிறது. ஒரு புதிய வாடிக்கையாளருக்குக் கடை செலவிடுவது அதிகபட்சம் 200 ரூபாய். அதே 200ஐ ஆளுக்கு 100 என்று பிரித்தால் கடைக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. மீனாவின் தர்மசங்கடம் மட்டும் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

"ரூ.50 வரை" என்பதில் உள்ள 'வரை' மிக ஆபத்தானது. எதிர்வீட்டுக்காரர் ஒரு லிட்டர் வாங்கி, பில்லில் 18 ரூபாய் மட்டும் குறைந்திருப்பதைப் பார்த்தால், அவருக்குக் கோபம் கடைமீது வராது, மீனாமீதுதான் வரும். குறைந்தபட்சத் தொகை இருந்தால் அதைச் செய்தியிலேயே சொல்லிவிடவேண்டும்: "முதல் ஆர்டர் 500 ரூபாய்க்கு மேல இருந்தா 100 ரூபாய் குறையும்." நீளம் கொஞ்சம் கூடுகிறதுதான். ஆனால் அதன் பிறகு "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்ற வரி தேவையில்லை; அந்த வரியைப் படித்து யாருக்கும் நம்பிக்கை வந்ததும் இல்லை. இரண்டு மூன்று நிபந்தனைகள் இருந்து அவை ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால், திருத்தவேண்டியது திட்டத்தை.

மீனாவுக்குக் கிடைக்கும் 100ஐச் சொல்வதா, விடுவதா? சொல்லிவிடுவதே நல்லது, அதுவும் நண்பரின் பங்கைச் சொன்ன பிறகு, சின்னதாக, மறைக்காமல்: "எனக்கும் அடுத்த ஆர்டர்ல 100 குறையும்." பலர் இங்கே தயங்குகிறார்கள். தன் லாபத்தைச் சொன்னால் நண்பர் விலகிவிடுவார் என்று ஒரு பயம். ஆனால் இந்தத் திட்டங்கள் இன்று எல்லோருக்கும் பழக்கம். அனுப்பியவருக்கு ஏதோ உண்டு என்று வாங்குகிறவருக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாதபோதுதான் அவர் கூட்டிக் கணக்குப் போடுகிறார். முன்னாலேயே சொல்லப்பட்ட 100 ரூபாயில் சந்தேகத்துக்கு வேலை இல்லை.

"இன்று மட்டும்" போகவேண்டும். நாளையும் அதே சலுகை இருக்கும் என்பது கடைக்குத் தெரியும். மீனா பெயரில் ஒரு பொய் சொல்லப்படுகிறது. உண்மையிலேயே முடிவுத் தேதி இருந்தால் தேதியைப் போடலாம். "உடனே", "வெல்லுங்கள்", "சம்பாதியுங்கள்" எல்லாம் இதோடு போய்விடும். கடைசியில், நண்பர் பதில் சொல்லாமல் இருந்தாலும் யாருக்கும் சங்கடம் வராதபடி ஒரு வழி வைக்கவேண்டும்: "தேவைப்பட்டா பாக்கலாம்." மறுக்க இடம் கொடுத்துக் கேட்டால் கேட்பவருக்கும் சுலபம், மறுப்பவருக்கும் சுலபம்.

தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே தனியாக ஒரு வேலை இருக்கிறது. மீனா இதை யாருக்கு அனுப்புவாள் என்று கடைக்குத் தெரியாது. எதிர்வீட்டு அக்காவுக்கா, கல்லூரித் தோழிக்கா, நாத்தனாருக்கா? "பெறுங்கள்" என்று முடித்தால் தோழிக்கு விறைப்பாக இருக்கும். "வாங்கிக்கோ" என்று முடித்தால் நாத்தனாரிடம் அனுப்பவே முடியாது. இதற்கு வழி, முன்னிலை வினையே வராமல் எழுதுவது. "நீங்கள் 100 ரூபாய் தள்ளுபடி பெறுவீர்கள்" என்பதற்குப் பதில் "100 ரூபாய் குறையும்". "முயன்று பாருங்கள்" என்பதற்குப் பதில் "பாக்கலாம்". நீயா நீங்களா என்ற கேள்வியே எழாது. முன்னால் "அக்கா" என்றோ "ஏய்" என்றோ மீனா சேர்த்துக்கொள்வாள். அச்சுத் தமிழைவிடப் பேச்சுத் தமிழ் இங்கே பொருத்தம். குறிப்பிட்ட வட்டாரத்தின் சாயல் அதிகம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆக, திருத்திய செய்தி இப்படி நிற்கும்:

"நாங்க சமையலுக்கு இந்தக் கடை செக்கு எண்ணெய்தான் வாங்குறோம். முதல் ஆர்டர் 500 ரூபாய்க்கு மேல இருந்தா, இந்த லிங்க் வழியா 100 ரூபாய் குறையும். எனக்கும் அடுத்த ஆர்டர்ல 100 குறையும். தேவைப்பட்டா பாக்கலாம்."

இதற்குக் கீழே லிங்க். இதில் வியப்புக்குறி ஒன்றுகூட இல்லை.

பொத்தானை அழுத்தும் முன் மீனா பார்க்கும் திரைக்கு இது பொருந்தாது. அங்கே கடை தன் குரலிலேயே பேசலாம். "செக்கு எண்ணெய் தேடும் ஒருவர் உங்களுக்குத் தெரியுமா? அவருடைய முதல் ஆர்டரில் 100 ரூபாய் குறைத்துத் தருகிறோம். உங்கள் அடுத்த ஆர்டரிலும் 100 குறையும்" என்றால் போதும். "எல்லா நண்பர்களையும் அழையுங்கள்" என்பதைவிட "தேடும் ஒருவர்" என்பது நல்லது. யாராவது ஒருவரின் முகம் மனதில் வந்தால்தான் விரல் நகரும். நிறுவனங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, வாடிக்கையாளரைத் தூண்ட எழுதிய இந்தத் திரையின் வாசகத்தையே நண்பருக்குப் போகும் செய்தியிலும் ஒட்டிவிடுவது.

கைபேசியில் போய்ச் சேரும் விதம்

செய்தியை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே நிரப்பிவைக்க `https://wa.me/?text=` என்று தொடங்கும் முகவரி பயன்படுகிறது. சமக்குறிக்குப் பிறகு செய்தி, குறியீடாக மாற்றப்பட்டு வரும். அப்படி மாற்றும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்துகளாக விரியும். உயிர்மெய் பலவும் இரண்டு குறிகள் என்பதால், சின்னச் செய்திகூட உள்ளே நீண்ட சரமாகிவிடும். எங்கேயாவது வெட்டுப்பட்டால் கடைசி எழுத்துகள் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியும். ஆகவே விலை குறைந்த பழைய கைபேசி ஒன்றில் அனுப்பிப் பார்க்காமல் வெளியிடக்கூடாது. எஸ்எம்எஸ் என்றால் நெருக்கடி இன்னும் அதிகம்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள், தமிழில் 70 குறிகள்தான். மேலே உள்ள முதல் வாக்கியம் மட்டுமே 58ஐத் தின்றுவிடும்.

பிட்லி போன்ற சுருக்கு முகவரிகளை நம் மக்கள் இப்போது மோசடிச் செய்திகளோடு சேர்த்தே பார்க்கிறார்கள். கடையின் பெயர் தெரியும் சொந்த முகவரியே வேண்டும். லிங்க்குடன் வரும் படமும் தலைப்பும் அந்தப் பக்கத்தில் உள்ள `og:title`, `og:image` என்ற இரண்டு குறிப்புகளிலிருந்து வருகின்றன. செய்தியைப் பாடுபட்டுத் திருத்திவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய பேர். மீனா அமைதியாகப் பேச, அதற்கு மேலே படத்தில் "நம்பர் 1! மெகா ஆஃபர்!" என்று கடை கத்திக்கொண்டிருக்கும். செய்தி முழுவதையும் ஒரு வண்ணப் படமாக்கி அனுப்பச் செய்வது இதைவிட மோசம். படத்தில் மீனாவால் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. திருத்த முடியும் என்பதே கூச்சத்தில் பாதியைக் குறைத்துவிடும்.

அனுப்பிய பிறகும் ஒரு எல்லை உண்டு. நண்பர் லிங்க்கைத் திறக்கவில்லை என்பதற்காக, "மீனா உங்களுக்காகக் காத்திருக்கிறார்" என்று கடை நினைவூட்டல் அனுப்பக்கூடாது. மீனா ஒப்புக்கொண்டது ஒரு செய்திக்கு மட்டும். லிங்க்ட்இன் நிறுவனம் இதில் கையைச் சுட்டுக்கொண்டது. பயனர்களின் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கு, பயனர் பெயரிலேயே அழைப்பும், அதற்குப் பிறகு திரும்பத் திரும்ப நினைவூட்டலும் அனுப்பியதாக 2013இல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. முதல் அழைப்புக்குப் பயனர் சம்மதித்திருந்தாலும் நினைவூட்டல்களுக்குச் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்பதுதான் வழக்கின் மையம். 2015இல் 1.3 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு அந்த நிறுவனம் வழக்கை முடித்தது.

திருத்தம் பலித்ததா என்று அறிவது

பொத்தானை அழுத்தியவர்கள், லிங்க்கைத் திறந்தவர்கள், முதல் ஆர்டர் கொடுத்தவர்கள் என்று மூன்று எண்களைக் கடையால் எளிதாக எடுக்க முடியும். வாட்ஸ்அப்பில் உண்மையில் எத்தனை செய்திகள் போயின என்பது மட்டும் கடைக்குத் தெரியாது. ஆனால் பொத்தானை அழுத்தியவர்கள் 100 பேர், அவர்களுடைய லிங்க்குகளில் ஒரு முறையாவது திறக்கப்பட்டவை 15 என்றால், இடையில் நிறைய பேர் செய்தியைப் படித்துவிட்டுப் பின்வாங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பழுது செய்தியில் இருக்கிறது. பொத்தானையே யாரும் அழுத்தவில்லை என்றால் முந்தைய திரையையோ கேட்ட நேரத்தையோ பார்க்கவேண்டும். லிங்க் திறக்கப்படுகிறது, ஆர்டர் வரவில்லை என்றால், செய்தி சொன்ன 100 ரூபாய் கடையின் பக்கத்தில் அதே சொற்களில் கண்ணில் படுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரே லிங்க் பத்து நிமிடத்தில் 40 முறை திறக்கப்பட்டால் அது பெரிய குழு ஒன்றில் விழுந்திருக்கும், அல்லது கூப்பன் தளத்தில் ஏறியிருக்கும். அதை வெற்றி என்று எண்ணிவிடக்கூடாது.

பழைய செய்தியை ஒரு பாதிக்கும் புதியதை மறு பாதிக்கும் காட்டி ஒப்பிடுவது பெரிய நிறுவனங்களின் வழக்கம். 200 வாடிக்கையாளர்கள் உள்ள கடைக்கு அது அவ்வளவு உதவாது. 100 பேரில் 6 ஆர்டர், மற்ற 100 பேரில் 9 ஆர்டர் என்று வந்தால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அதை வைத்து முடிவெடுப்பது சூதாட்டம். அப்படிப்பட்ட கடைக்கு மலிவான வழி வேறு. ஏற்கெனவே நண்பர்களை அனுப்பிய நாலைந்து வாடிக்கையாளர்களிடம், உண்மையில் என்ன எழுதி அனுப்பினார்கள் என்று காட்டச் சொல்லிக் கேட்கலாம். பலர் கடை எழுதியதை முழுவதும் அழித்துவிட்டு, "அன்னைக்குக் கேட்டியே, இதுதான் அந்தக் கடை" என்று ஒரு வரியும் லிங்க்கும் மட்டும் அனுப்பியிருப்பார்கள். எல்லோரும் அழித்த பகுதி எதுவோ அது வேண்டாத பகுதி. தாங்களாகச் சேர்த்த வரியில்தான் அடுத்த திருத்தத்துக்கான வாசகம் இருக்கும்.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் இந்த வழி பலிக்காத பொருள்களும் உண்டு. கடன் செயலி, திருமணத் தகவல் தளம், குழந்தைப்பேறு சிகிச்சை, முடி உதிர்வு மருந்து ஆகியவற்றைத் தான் பயன்படுத்துவதாகச் சொல்ல ஒருவருக்கு மனம் வராது. நண்பருக்கு அனுப்பினால் அது பரிந்துரையாகப் படாமல் குத்திக்காட்டுவதாகப் படும். இவற்றுக்கு வாட்ஸ்அப் பொத்தானை எடுத்துவிட்டு, பெயரில்லாத ஒரு கோடை மட்டும் கொடுத்து வைக்கலாம். யாராவது தானாக வந்து கேட்டால் வாடிக்கையாளர் அதை வாயால் சொல்லிக்கொள்வார். காப்பீடு விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பிரீமியத்திலோ கமிஷனிலோ ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பாலிசி எடுக்கத் தூண்டுவதை 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 41ஆம் பிரிவில், நேரடியாகவே தடை செய்கிறது. எவ்வளவு கூச்சமில்லாமல் எழுதப்பட்ட செய்தியானாலும் அங்கே அதை அனுப்பக்கூடாது.